கரணை நட்டா அதே கரும்பு, விதை போட்டா வேற வேற கரும்பு: மைட்டோசிஸ், மியோசிஸ் வித்தியாசம்

கேள்வி: "அக்கா, எச்.எஸ்.சி.க்கு படிக்கிறேன். மைட்டோசிஸ், மியோசிஸ் ஸ்டேஜ் பேரெல்லாம் மனப்பாடமா தெரியுது, ஆனா ரெண்டும் எங்க பிரியுதுன்னு உள்ள இறங்கல. கிராஸிங் ஓவர், இண்டிபெண்டன்ட் அசார்ட்மென்ட் ரெண்டாலயும் வேரியேஷன் வருதுன்னு எழுதுறோம், எப்படி வருது? இங்க மொரிஷியஸ்ல ஃபிளாக் பக்கம் தாத்தா கரணை வெட்டி நட்டா அதே கரும்புதான் வருது, ஆனா விதையில இருந்து முளைச்சா ஒவ்வொண்ணும் வேற மாதிரி இருக்கும்னு சொல்றாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

சம்பந்தம் இருக்கு தம்பி, தாத்தா சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. கரணையில இருக்கிற மொட்டு முளைச்சு கரும்பா வளர்ற வரைக்கும் நடக்கிற செல் பிரிவு எல்லாமே மைட்டோசிஸ். மறுதாம்பு விட்டாலும் அதேதான். அதனால புதுத் தட்டையில இருக்கிற ஒவ்வொரு செல்லுலயும் பழைய தட்டையில இருந்த அதே குரோமோசோம் செட்டு, எதுவும் கூடல, எதுவும் இடம் மாறல. விதை அப்படி இல்ல. அந்த விதை உருவாக ஒரு பூவோட மகரந்தமும் இன்னொரு பூவோட சூல் முட்டையும் வேணும், அந்த ரெண்டும் தனித்தனியா மியோசிஸ் வழியா வந்தது, அதாவது ரெண்டு தடவை தனித்தனியா கலைச்சுப் போட்டு அப்புறம் ஒண்ணு சேர்ந்தது.

கரும்புல இந்தக் கலைப்பு ரொம்பவே அதிகம், ஏன்னா அதுக்கு குரோமோசோம் கூட்டம் ஜாஸ்தி. நமக்கு 46, ஆனா பக்கத்துத் தீவு ரீயூனியன்ல உருவாக்கி நம்ம தீவுலயும் பரவலா நட்ட ஆர் 570ங்கிற ரகத்துக்கு சுமார் 114. மனுஷனுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் ரெண்டு காப்பிதான், அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, கரும்புல ஒரே ஜீனுக்கு பத்து பன்னெண்டு காப்பி கூட இருக்கும். மியோசிஸ்ல அதுங்க பெரும்பாலும் ரெண்டு ரெண்டாத்தான் ஜோடி சேரும், ஆனா எதோட எது சேருது, ஜோடியில எது எந்தப் பக்கம் போகுது எல்லாமே ஒவ்வொரு செல்லுலயும் மாறும். அதனாலதான் ஒரே தாய், ஒரே தகப்பன் கரும்பைக் கலந்து எடுத்த விதையில ஒண்ணு உயரமா, ஒண்ணு ஒல்லியா, ஒண்ணுல சீனி அதிகமா, ஒண்ணு நோய் தாங்காமன்னு எல்லாம் வரும். ரெதுயியில இருக்கிற கரும்பு ஆராய்ச்சிக்காரங்க ஆயிரக்கணக்கான நாத்துல இருந்து வருஷக்கணக்கா கழிச்சுக் கழிச்சு ஒண்ணைத் தேடுறாங்க, கிடைச்சதும் அதுக்கப்புறம் விதைப் பக்கமே போறதில்ல, கரணை வெட்டி வெட்டிப் பெருக்குறாங்க. எம் 134/32ன்னு ஒரு பழைய ரகம் இருந்தது, 1932ஆம் வருஷத்துக் கணக்குல 134ஆவது நாத்து, அந்த ஒத்தை நாத்தைத்தான் அப்புறம் தீவு முழுக்கக் கரணையா நட்டாங்க. நல்லதைத் தேட மியோசிஸ், கிடைச்சதை அப்படியே வச்சுக்க மைட்டோசிஸ், கரும்பு ஆராய்ச்சியே இந்த ரெண்டுக்கு நடுவுலதான் ஓடுது. (இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, எல்லா வயல்லயும் ஒரே ஆள் நிக்கிற மாதிரிதானே, அந்த ஆளுக்கு ஒரு நோய் பிடிச்சா எல்லா வயலுக்கும் பிடிக்கும்.)

ஆனா கரும்பை வச்சு கணக்கு போட்டா தலை சுத்தும், அதனால இனிமே மனுஷனுக்கு வந்துடுறேன்.

முதல்ல மைட்டோசிஸ், இதை சீக்கிரம் முடிச்சுடலாம். செல் பிரியறதுக்கு முன்னாடி 46 குரோமோசோமும் தன்னைத்தானே இன்னொரு தடவை எழுதிக்கும், ஒவ்வொண்ணும் ரெண்டு ஒட்டின இழையா ஆகும், அந்த இழைங்கதான் சிஸ்டர் குரோமாட்டிட், ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. அப்புறம் 46ம் செல்லோட நடுவுல ஒத்தை ஒத்தையா வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு இழை இந்தப் பக்கம், ஒரு இழை அந்தப் பக்கம். முடிஞ்சது. இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: அப்பாகிட்ட இருந்து வந்த 9ஆம் நம்பர் குரோமோசோமும் அம்மாகிட்ட இருந்து வந்த 9ஆம் நம்பரும் ஒரே செல்லுக்குள்ள இருந்தாலும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்கவே கண்டுக்காது, ரெண்டும் தனித்தனி வழியில வந்து தனித்தனியா பிரியும். அதனாலதான் ரெண்டு மகள் செல்லுக்கும் ரெண்டு காப்பியும் போய்ச் சேருது.

மியோசிஸ்ல மாறுறது இந்த இடம்தான். இங்கயும் முதல்ல டிஎன்ஏ இரட்டிப்பாகும், அது ஒரே ஒரு தடவைதான், ஆனா அதுக்கப்புறம் பிரிவு ரெண்டு தடவை. முதல் பிரிவோட ஆரம்பத்துல, ப்ரோஃபேஸ் ஒண்ணுல, அப்பாவோட 9ம் அம்மாவோட 9ம் ஒண்ணை ஒண்ணு தேடிக் கண்டுபிடிச்சு நீளவாக்குல முழுசா ஒட்டிக்கும். இப்படி 23 ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலயும் நாலு இழை. மைட்டோசிஸ்ல இந்த சந்திப்பே கிடையாது. என்னைக் கேட்டா பரீட்சையில "மூணு வித்தியாசம் எழுது"ன்னு வந்தா முதல்ல இதை எழுதணும், மத்த எல்லா வித்தியாசமும் இதுல இருந்துதான் பிறக்குது. ஆனா பசங்க எல்லாரும் "அது ரெண்டு செல், இது நாலு செல்"லுன்னு ஆரம்பிக்கிறாங்க, அது தப்பில்ல, ஆனா அது விளைவு, காரணம் இல்ல.

ஜோடி சேர்ந்ததால, முதல் பிரிவுல நடுவுல நிக்கிறது ஒத்தை ஒத்தை குரோமோசோம் இல்ல, ஜோடி ஜோடியா. பிரியறதும் ஜோடிதான்: அம்மாவோட 9 முழுசா, தன்னோட ரெண்டு இழையோட ஒரு பக்கம், அப்பாவோட 9 அதே மாதிரி இன்னொரு பக்கம். சிஸ்டர் இழைங்க இப்ப பிரியாது, சென்ட்ரோமியர் இருக்கிற இடத்துல ஒட்டு புரோட்டீன் இன்னும் பிடிச்சிட்டு இருக்கும், அந்த ஒட்டு முன்னாடியே அறுந்துடாம காவல் காக்கிறதுக்குன்னே ஷுகோஷின்னு வேற ஒரு புரோட்டீன் அங்க உக்காந்திருக்கும். ரெண்டாவது பிரிவுலதான் அந்தக் காவல் விலகி சிஸ்டர் இழைங்க பிரியும். ரெண்டாவது பிரிவு பாக்க மைட்டோசிஸ் மாதிரியேதான் இருக்கும், புதுசா ஒண்ணும் இல்ல.

இங்க நிறைய பேர் வழுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. குரோமோசோம் எண்ணிக்கை 46ல இருந்து 23 ஆகிறது எந்தப் பிரிவுல? முதல் பிரிவுல. ஜோடிதானே பிரிஞ்சது, அதனால ஒவ்வொரு செல்லுக்கும் 23. ஆனா அந்த 23ல ஒவ்வொண்ணும் இன்னும் ரெட்டை இழை. டிஎன்ஏ அளவை வச்சு பாரு, சாதா செல்லுல 2 பங்குன்னு வச்சுக்கோ, இரட்டிப்பானதும் 4, முதல் பிரிவு முடிஞ்சதும் 2, ரெண்டாவது முடிஞ்சதும் 1. மைட்டோசிஸ்ல 2, 4, திரும்ப 2, அவ்வளவுதான். முதல் பிரிவு முடிஞ்ச செல்லுல டிஎன்ஏ அளவு சாதா செல்லு அளவே இருக்கும், ஆனா ரெண்டும் ஒரே மாதிரி செல் இல்ல, சாதா செல்லுல ரெண்டு பேரோட காப்பியும் இருக்கு, இதுல ஒவ்வொரு நம்பர்லயும் ஒருத்தரோடது மட்டும்தான், அதுவே ரெண்டு தடவை. கிராஃப் குடுத்து கேட்கிற கேள்வி எல்லாம் இதைச் சுத்தித்தான் வரும்.

சரி, இப்ப வேரியேஷன். இதுக்கு ஒரு குடும்பத்தை வச்சுக்கலாம், கற்பனைதான், ஆனா ஜீன் எல்லாம் நிஜம். அப்பாவுக்கு ரத்த வகை பி பாசிட்டிவ், அம்மாவுக்கு ஓ நெகட்டிவ். ரத்த வகையில ஏ, பி, ஓ தீர்மானிக்கிற ஜீன் 9ஆம் குரோமோசோம்ல இருக்கு. பாசிட்டிவ், நெகட்டிவ் தீர்மானிக்கிற ஆர்எச் ஜீன் 1ஆம் குரோமோசோம்ல இருக்கு. நம்ம அப்பாவுக்கு ஒரு 9ல பி, இன்னொரு 9ல ஓ. ஒரு 1ல பாசிட்டிவ் காப்பி, இன்னொரு 1ல நெகட்டிவ். அம்மா ஓ நெகட்டிவ், அதனால அவங்க முட்டை எதை எடுத்தாலும் ஓவும் நெகட்டிவும்தான் இருக்கும், வேற எதுவும் அவங்ககிட்ட இல்ல. அம்மாவை நான் வேணும்னுதான் இப்படி வச்சேன், ஏன்னா இப்ப பிள்ளையோட ரத்த வகையைப் பாத்தாலே அப்பாவோட எந்த விந்தணு வந்ததுன்னு நேரா படிச்சிடலாம்.

அப்பாவோட ஒரு செல் மியோசிஸ் முதல் பிரிவுக்கு நிக்குது. 9ஆம் ஜோடி நடுவுல நிக்கும்போது பி இருக்கிற குரோமோசோம் இடது பக்கம் பாத்து நிக்கலாம், இல்ல வலது பக்கம். எது எந்தப் பக்கம்ங்கிறது குரோமோசோமை இழுக்கிற ஸ்பிண்டில் நூல் யாரை எப்படிப் பிடிச்சதுங்கிறதைப் பொறுத்தது, அது குருட்டாம்போக்கு. 1ஆம் ஜோடியும் அதே மாதிரி தானா நிக்கும், 9ஆம் ஜோடி எப்படி நிக்குதுன்னு அதுக்குத் தெரியவும் தெரியாது, கவலையும் இல்ல. இண்டிபெண்டன்ட் அசார்ட்மென்ட்ங்கிறது இவ்வளவுதான். பியும் பாசிட்டிவும் ஒரே பக்கம் நின்னா அந்த செல்லுல இருந்து "பி பாசிட்டிவ்" விந்தணு ரெண்டு, "ஓ நெகட்டிவ்" விந்தணு ரெண்டு. எதிரெதிர் பக்கம் நின்னா "பி நெகட்டிவ்" ரெண்டு, "ஓ பாசிட்டிவ்" ரெண்டு. ரெண்டு நிலையும் பாதிக்குப் பாதி, அதனால மொத்த விந்தணுவுல நாலு வகையும் கால் கால் பங்கு. பிள்ளைங்களும் பி பாசிட்டிவ், பி நெகட்டிவ், ஓ பாசிட்டிவ், ஓ நெகட்டிவ் நாலுக்கும் சம வாய்ப்பு. இதுல ரெண்டு வகை, பி நெகட்டிவும் ஓ பாசிட்டிவும், அப்பாகிட்டயும் இல்ல, அம்மாகிட்டயும் இல்ல. புது ஜீன் எதுவும் வரல, இருக்கிறதே புதுசா சேர்ந்தது. ஆஸ்பத்திரியில "எங்க ரெண்டு பேருக்குமே இந்த வகை இல்லையே, பிள்ளைக்கு எப்படி"ன்னு பயந்து கேக்கிறவங்களுக்கு பல நேரம் பதில் இதுதான்.

ஒண்ணு கவனிச்சியா, ஒரு செல்லுல இருந்து நாலு விந்தணு வந்தாலும் அசார்ட்மென்ட் மட்டும் நடந்தா அதுல வகை ரெண்டுதான். நாலு வகையும் வரணும்னா நிறைய செல் வேணும். லெசன்ல நான் படம் போட சொன்னா நிறைய பசங்க ஒரே செல்லுல இருந்து நாலு வகையையும் வரைஞ்சிட்டு வருவாங்க, கிராஸிங் ஓவர் இல்லாம அது நடக்கவே நடக்காது.

ஜோடி எண்ணிக்கை கூடக் கூட இது பெருக்கல்ல ஏறும். ரெண்டு ஜோடிக்கு 4 வகை, மூணு ஜோடிக்கு 8, 23 ஜோடிக்கு 2^23, அதாவது 83 லட்சத்து 88 ஆயிரத்து 608, இங்க நாம சொல்ற கணக்குல சுமார் 8.4 மில்லியன். அப்பா பக்கம் அவ்வளவு, அம்மா பக்கம் அவ்வளவு, எந்த விந்து எந்த முட்டையைச் சேரும்ங்கிறதும் சேர்ந்தா 70 டிரில்லியனுக்கு மேல. இது கிராஸிங் ஓவரை தொடாமலே வர்ற கணக்கு.

ஆனா இந்தக் கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஒரே குரோமோசோம்ல இருக்கிற ஜீனுங்களுக்கு என்ன ஆகும்? மனுஷனுக்கு புரோட்டீன் செய்ற ஜீன் மட்டும் சுமார் 20,000 இருக்கு, குரோமோசோம் 23 வகைதான், அதனால ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்குல ஜீன் ஒண்ணா கட்டிப் போட்டிருக்கு. அசார்ட்மென்ட் மட்டும் இருந்தா அந்தக் கட்டு எத்தனை தலைமுறை ஆனாலும் அவிழாது, பாட்டியோட 9ஆம் குரோமோசோம் முழுசா அப்படியே பேரனுக்கு, அவன் பேரனுக்குன்னு போயிட்டே இருக்கும், அதுல ஒரு நல்ல ஜீனும் ஒரு கெட்ட ஜீனும் பக்கத்துல இருந்தா ரெண்டும் சேர்ந்தேதான் போகும். கிராஸிங் ஓவர் அவிழ்க்கிறது இந்தக் கட்டை.

அதே குடும்பத்துக்கு வா. நெயில்-பட்டெல்லா சிண்ட்ரோம்னு ஒரு அபூர்வ நிலை இருக்கு, நகம் சரியா வளராது, முழங்கால் சில்லு சின்னதா இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது. டாமினன்ட், அதாவது ஒரு காப்பி இருந்தாலே போதும், வந்துடும். அந்த ஜீனும் 9ஆம் குரோமோசோம்ல, ரத்த வகை ஜீனுக்கு கொஞ்சம் தள்ளி. இது ரெண்டும் சேர்ந்தே போகுதுன்னு இங்கிலாந்துல ரென்விக், லாலர்னு ரெண்டு பேர் 1955ல குடும்பங்களை வச்சு காட்டினாங்க, மனுஷனுக்கு சாதா குரோமோசோம்ல கண்டுபிடிச்ச ஆரம்ப காலத்து லிங்கேஜ்ல இது ஒண்ணு. நம்ம கற்பனை அப்பாவுக்கு இந்த நிலை இருக்குன்னு வச்சுக்கோ, அவருக்கு அது அவரோட அம்மாகிட்ட இருந்து வந்தது, பியும் அந்த அம்மாகிட்ட இருந்துதான். அப்ப அவரோட ஒரு 9ல "நோய் காப்பியும் பியும்", இன்னொரு 9ல "நல்ல காப்பியும் ஓவும்".

குரோமோசோம் கட்டு அவிழவே அவிழாதுன்னா என்ன நடக்கணும்? பி வகை பிள்ளை எல்லாருக்கும் நோய் இருக்கணும், ஓ வகை பிள்ளை யாருக்கும் இருக்கக் கூடாது. ஆனா நிஜத்துல இப்படிப்பட்ட குடும்பங்கள்ல சுமார் 10 சதவீதம் பிள்ளைங்க கணக்கு மாறி வருவாங்க, ஓ வகை ஆனா நோய் இருக்கு, இல்ல பி வகை ஆனா நோய் இல்ல. இந்தப் பத்து எங்க இருந்து வருது?

ப்ரோஃபேஸ் ஒண்ணுல ஜோடி சேர்ற சமயத்துல செல் தன்னோட டிஎன்ஏவைத் தானே வெட்டும். நிஜமாத்தான், விபத்து இல்ல. ஸ்போ11ன்னு ஒரு புரோட்டீன் அந்த வேலையைச் செய்யுது, ஒரு செல்லுல 150க்கு மேல வெட்டு விழும், ஒரு இழைக்குள்ள இருக்கிற டிஎன்ஏவோட ரெண்டு சரமும் அறுந்த வெட்டு. வெட்டுன இடத்தைச் சரி பண்ண ஒரு மாதிரி வேணும், அதுக்கு செல் பக்கத்துல இருக்கிற சிஸ்டர் இழையை விட்டுட்டு எதிர்ல ஒட்டியிருக்கிற ஜோடியோட இழையைத்தான் அதிகமா தேடிப் போகும். பெரும்பாலான வெட்டு ஒரு சின்ன இடத்தை மட்டும் பாத்து எழுதிட்டு ஒட்டிக்கும், பெரிய மாத்தம் எதுவும் இல்ல. கொஞ்சம் மட்டும், ஆம்பளைங்க செல்லுல சராசரியா 50 கிட்ட, பொம்பளைங்க முட்டை செல்லுல அதைவிட அதிகமா, முழு பரிமாற்றமா முடியும்: அம்மாவோட இழையில அந்த இடத்துக்கு அப்பால இருக்கிற துண்டு முழுக்க அப்பாவோட இழைக்குப் போகும், அவரோடது இங்க வரும். அதுதான் கிராஸிங் ஓவர். ரெண்டு இழையும் ஒரே இடத்துல மாத்திக்கிறதால ஜீன் எதுவும் தொலையாது, எதுவும் ரெண்டாகாது, வரிசையும் அதே வரிசைதான், ஜீனோட வேற வேற வடிவம், அதாவது அல்லீல், மட்டும் இடம் மாறியிருக்கும்.

இப்ப கணக்கு. அப்பாவோட 100 செல்லை எடு. அதுல 80 செல்லுல ரத்த வகை ஜீனுக்கும் நோய் ஜீனுக்கும் நடுவுல எந்த கிராஸும் நடக்கல, வேற எங்கயாவது நடந்திருக்கும், அதைப் பத்தி நமக்குக் கவலை இல்ல. அந்த 80ல இருந்து 320 விந்தணு, 160 "நோய்-பி", 160 "நல்லது-ஓ". மீதி 20 செல்லுல சரியா அந்த ரெண்டு ஜீனுக்கும் நடுவுல ஒரு கிராஸ். ஒரு கிராஸ்ல நாலு இழையில ரெண்டு மட்டும்தான் கலந்துக்கும், மத்த ரெண்டு பழைய மாதிரியே. அதனால அந்த மாதிரி ஒவ்வொரு செல்லுல இருந்தும் நாலு விந்தணுவும் நாலு வகை: நோய்-பி, நோய்-ஓ, நல்லது-பி, நல்லது-ஓ. 20 செல்லுக்கு 80 விந்தணு, வகைக்கு 20. கூட்டிப் பாரு, மொத்தம் 400ல நோய்-பி 180, நல்லது-ஓ 180, புது சேர்க்கை நோய்-ஓ 20, நல்லது-பி 20. புதுசு 400ல 40, பத்து சதவீதம். அதாவது பத்து சதவீதம் பிள்ளைங்க மாறி வந்தா, இருபது சதவீத செல்லுல கிராஸ் நடந்திருக்குன்னு அர்த்தம். இந்த ரெண்டு நம்பரையும் போட்டுக் குழப்பிக்காத.

இதுலயே இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கு, ரீகாம்பினேஷன் ஏன் 50 சதவீதத்தைத் தாண்டாதுன்னு. நூறு செல்லுலயும் நடுவுல ஒவ்வொரு கிராஸ் நடந்தாலும் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இழை பழசுதான், அப்ப பாதிதான் புதுசு. ரெண்டு மூணு கிராஸ் நடந்தாலும் சராசரி பாதியிலயேதான் நிக்கும், ஏன்னா ரெண்டாவது கிராஸ் சில நேரம் முதல் மாத்தத்தைத் திருப்பிடும். அதனால ஒரே குரோமோசோம்ல ரொம்பத் தூரத்துல இருக்கிற ரெண்டு ஜீன் வேற வேற குரோமோசோம்ல இருக்கிற மாதிரியே நடந்துக்கும், வெறும் பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சு அதைப் பிரிச்சு சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு "பி ரத்தம் இருந்தா இந்த நோய் வரும்"னு யாராவது சொன்னா நம்பாத. இந்தக் குடும்பத்துல பியோட சேர்ந்து வந்தது, இன்னொரு குடும்பத்துல அதே நோய் ஓவோட வரும், ஏவோட வரும், முதல் முதல்ல எந்த குரோமோசோம்ல அந்த மாத்தம் விழுந்ததோ அதைப் பொறுத்தது. பல தலைமுறை கிராஸிங் ஓவர் நடந்து நடந்து ஊர் மொத்தத்துல பாத்தா ரெண்டுக்கும் தொடர்பே தெரியாது. குடும்பத்துக்குள்ள மட்டும்தான் தெரியும்.

கிராஸிங் ஓவர் வேரியேஷனுக்காக மட்டும் நடக்குதுன்னு பாடப்புத்தகம் ஒரு எண்ணத்தைக் குடுக்குது, எனக்கு அது பிடிக்கிறதில்ல, ஏன்னா செல்லுக்கு உடனடியா தேவைப்படுற வேலை வேற. கிராஸ் நடந்த இடத்துலதான் ஜோடி ஒண்ணோட ஒண்ணு கட்டுப்பட்டு நிக்குது, மைக்ரோஸ்கோப்புல அது குறுக்கால தெரியும், கயாஸ்மான்னு சொல்றது அதைத்தான். ஸ்பிண்டில் ரெண்டு பக்கமும் இழுக்கும்போது இந்தக் கட்டு பிடிச்சு நிறுத்தினாத்தான் விறைப்பு வரும், அந்த விறைப்பை வச்சுத்தான் ஜோடி சரியா எதிரெதிர் பக்கம் மாட்டியிருக்கான்னு செல் தெரிஞ்சுக்குது. கட்டு இல்லாத ஜோடி தனித்தனியா மிதக்கும், ரெண்டும் ஒரே பக்கம் போயிடலாம். அதனாலதான் சின்ன குரோமோசோமா இருந்தாலும் ஜோடிக்கு ஒரு கிராஸாவது நடக்கிற மாதிரி செல் பாத்துக்குது.

அது தப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு டவுன் சிண்ட்ரோம் நல்ல உதாரணம். 21ஆம் குரோமோசோம் மூணு வர்றது, பெரும்பாலும் முட்டை உருவாகும்போது நடக்கிற தப்பு, அதுலயும் அதிகம் முதல் பிரிவுல. அந்தக் குடும்பங்களோட டிஎன்ஏவை ஆராய்ஞ்சப்போ, 21ஆம் ஜோடியில கிராஸே நடக்காதது, இல்ல நடந்தும் ரொம்ப ஓரத்துல நடந்ததுன்னு நிறைய கண்டுபிடிச்சாங்க. அம்மா வயசு கூடக் கூட வாய்ப்பு கூடுறதுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு: பெண் குழந்தையோட முட்டை செல்லுங்க, அவ பிறக்கிறதுக்கு முன்னாடியே மியோசிஸ் ஆரம்பிச்சு, கிராஸிங் ஓவரையும் முடிச்சிட்டு, ப்ரோஃபேஸ் ஒண்ணுலயே நிறுத்தி வச்சிடும். அந்த முட்டை வெளிய வர்ற மாசம்தான் முதல் பிரிவு முடியும், ரெண்டாவது பிரிவு விந்து உள்ள நுழைஞ்சாத்தான். அதாவது நீ வந்த முட்டையில குரோமோசோம் துண்டு மாத்திக்கிட்டது உன் அம்மா உன் ஆயா வயித்துக்குள்ள இருந்தப்போ. நாற்பது வயசுல வர்ற முட்டையில அந்த ஒட்டு புரோட்டீன் நாற்பது வருஷமா பிடிச்சிட்டு நின்னது, கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்திருக்கும், ஜோடி சரியா பிரியாம போறது அங்கதான்.

துண்டு நிஜமாவே இடம் மாறுதுன்னு கண்ணால பாத்தாங்களான்னு நீ கேக்கல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி. ஜீன் கணக்கு மாறுறதை 1910கள்லயே மோர்கன் ஆளுங்க பழ ஈயில பாத்துட்டாங்க, ஆனா குரோமோசோம் துண்டு கூடவே மாறுதுன்னு யாரும் நேரா காட்டல. 1931ல ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்லின்டாக்கும் மக்காச்சோளத்துல காட்டினாங்க, அதுவும் 9ஆம் குரோமோசோம்தான், நம்ம 9க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவங்க எடுத்த செடியில ஒரு 9ஆம் குரோமோசோமுக்கு ஒரு முனையில கண்ணுக்குத் தெரியிற ஒரு குமிழ், மறு முனையில வேற குரோமோசோம்ல இருந்து ஒட்டின நீளமான துண்டு, ஜோடியில இன்னொண்ணுக்கு ரெண்டுமே இல்ல. மணியோட நிறம், மாவுப்பொருள் தன்மை ரெண்டு ஜீனும் இந்த அடையாளத்துக்கு நடுவுல. மணியில நிறமும் மாவுத்தன்மையும் புதுசா சேர்ந்து வந்த செடிகளை மைக்ரோஸ்கோப்புல பாத்தா குமிழ் இருக்கு, நீளத் துண்டு இல்ல, இல்லன்னா துண்டு இருக்கு, குமிழ் இல்ல. ஜீனும் குரோமோசோமும் ஒண்ணா இடம் மாறினது தெளிவாயிடுச்சு.

கடைசியா படக் கேள்விக்கு. நாலு குரோமோசோம் இருக்கிற ஒரு செல்லோட படம் குடுத்து எந்த ஸ்டேஜ்னு கேட்டா, முதல்ல நடுக்கோட்டுல என்ன நிக்குதுன்னு பாரு. ரெண்டு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் எதிரெதிரா நின்னா மெட்டாஃபேஸ் ஒண்ணு. நாலும் தனித்தனியா ஒரே கோட்டுல நின்னா மைட்டோசிஸ். ரெண்டு குரோமோசோம் மட்டும் ஒத்தையா நின்னா, அதுவும் நீளம் வேற வேறயா இருந்தா, மியோசிஸ் ரெண்டாவது பிரிவு. பிரியற படமா இருந்தா பக்கத்துக்குப் போறது ரெட்டை இழையா ஒத்தை இழையான்னு பாரு, ரெட்டையா போனா அனாஃபேஸ் ஒண்ணு, வேற எதுலயும் அப்படி வராது. கலர் போட்ட படம்னா இன்னும் சுலபம், ரெட்டை இழையில ஒரு இழையோட நுனி மட்டும் வேற கலர்ல இருந்தா அங்க கிராஸிங் ஓவர் முடிஞ்சிருக்கு, அப்ப அந்த ரெண்டு இழையையும் "ஒரே மாதிரி"ன்னு எழுதினா மார்க் போயிடும், ஏன்னா ரெண்டாவது பிரிவுல பிரியற சிஸ்டர் இழைங்க அந்த நேரத்துல அச்சு அசலா ஒண்ணு இல்ல. எழுதும்போது இன்னொண்ணு, கிராஸிங் ஓவர் "புது அல்லீலை உருவாக்குது"ன்னு எழுதாத, அது மியூடேஷனோட வேலை, இங்க நடக்கிறது இருக்கிற அல்லீலோட புது சேர்க்கைதான்.